சத்தமாக வாசித்தால் மறைகிற பிழை

எங்கள் அலுவலகம் யாழ்ப்பாண நகரில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவர்களில் பாதிப்பேர் கீழே இருக்கிற டொக்டரைத் தேடித்தான் வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்குச் சம்பளமில்லாத மேலதிக வேலை.

சம்பளமுள்ள வேலையை ஊரில் விளங்கப்படுத்துவது அதைவிடக் கஷ்டம். இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான கட்டில், தள்ளுவண்டி எல்லாம் விற்கிற ஒரு கொம்பனி இருக்கிறது. வாங்கிய சாமானில் குறை என்றால், ஆட்கள் அந்தக் கொம்பனியின் இணையப் பக்கத்து மூலையில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் எழுதுவார்கள். அது எங்கள் திரையில் வந்து விழும். நாங்கள் அந்தக் கணமே ஆங்கிலத்தில் பதில் எழுதவேண்டும். அவர்களுக்குக் காலை, எங்களுக்குப் பின்னேரம். என் மாமியார் இதைப் 'போன் இல்லாமல் போன் கதைக்கிற வேலை' என்பார். நானும் இப்போது கேட்கிறவர்களுக்கு அதையே சொல்லிவிடுகிறேன்.

நான் தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். முதலில் மற்றவர்களைப்போல நானும் பதில் எழுதிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு, எழுதியவற்றைப் பரிசோதிக்கிற வேலையைத் தந்தார்கள். ஒவ்வொருவரும் எழுதிய உரையாடல்களில் சிலவற்றை எடுத்து வாசித்து, பிழையைக் குறித்து, மாதம் ஒருமுறை இங்கிலாந்துக்கு அறிக்கை கொடுக்கவேண்டும். மேசை மேசையாகப் போய்ப் பிழை சொல்லுகிறவளை யாருக்குப் பிடிக்கும்? நான் எழும்பினால், தேத்தண்ணி குடிக்கத்தான் எழும்பினாலும், அறையில் கதை நின்றுபோகும். எனக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

யன்னலோர மேசையில் இருக்கிறவள் குருநகர்ப் பெண். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். காற்றுக்கும் இயந்திரச் சத்தத்துக்கும் மேலால் கதைத்துப் பழகிய வீடு. அவளும் இரகசியம் சொன்னால் கீழே மருந்துக்கடைக்குக் கேட்கும். முன்பு ஒரு துணிக்கடையில் நின்றவள். அங்கே அதிகம் கதைக்கிறாள் என்று முதலாளி ஏசினாராம். 'கதைக்கிறதுக்குச் சம்பளம் தாற இடம் ஒண்டு இருக்கெண்டு கேள்விப்பட்டு வந்தனான் அக்கா' என்று வந்த முதல் நாளே என்னிடம் சொன்னாள். நான் சிரிக்கவில்லை. பரிசோதிக்கிறவள் முதல் நாளில் சிரிக்கக்கூடாது என்று ஒரு நினைப்பு.

அவள் வந்த புதிதில் எழுதிய ஆங்கிலம் எல்லாரும் புதிதில் எழுதுகிற ஆங்கிலம்தான். a வரவேண்டிய இடத்தில் the வரும், in வரவேண்டிய இடத்தில் on வரும். கொடிகாமத்திலிருந்து வேலைக்குப் புதிதாக வந்து அவளுக்குப் பக்கத்தில் இருக்கிற பெண் இப்போதும் அப்படித்தான் எழுதுகிறாள். அதெல்லாம் போகப்போகத் திருந்திவிடும். குருநகர்க்காரிக்கும் திருந்தியது. ஒரு வருசத்துக்குள் எங்கள் அறையில் மிக வேகமாகவும் மிக இயல்பாகவும் எழுதுகிறவள் அவள்தான். ஒரே நேரத்தில் மூன்று பேருடன் மூன்று பெட்டிகளில் கதைப்பாள். கோபத்தோடு வந்த ஆள் சிரித்துக்கொண்டு போவது திரையில் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பிழைகள் தொடங்கின.

ஆங்கிலத்தில் சில சொற்கள் இருக்கின்றன, காதுக்கு ஒன்று, கண்ணுக்கு வேறு. their என்றால் அவர்களுடைய, there என்றால் அங்கே, they're என்றால் அவர்கள் இன்னார் என்பதன் சுருக்கம். மூன்றையும் வாயால் சொன்னால் ஒரே சத்தம். உன்னுடைய என்கிற your, நீ இன்னார் என்கிற you're இரண்டும் அப்படித்தான். ஒப்பிட்டுச் சொல்லுகிற than, பிறகு என்கிற then இரண்டும் வேகமாகச் சொன்னால் ஒன்றாகிவிடும். குருநகர்க்காரியின் உரையாடல்களில் இவை ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து குந்தத் தொடங்கின. 'your welcome' என்று எழுதினாள். 'their is' என்று எழுதினாள். பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பிலேயே படித்த சொற்கள். எனக்குச் சரியான கோபம் வந்தது.

'உமக்கு வித்தியாசம் தெரியாதோ?' என்று அவளுடைய மேசைக்கே போய்க் கேட்டேன்.

'தெரியும் அக்கா. நித்திரையிலை எழுப்பிக் கேளுங்கோ, சொல்லுறன்.'

'அப்ப ஏன் எழுதிறீர்?'

'நான் எழுதேல்லை அக்கா. விரல் எழுதிப்போட்டுது.'

நான் அதை வாய்க்கொழுப்பு என்று நினைத்தேன். பிறகு பரிசோதித்துப் பார்த்தேன். ஒரு தாளில் வசனங்களை எழுதிக் கொடுத்து, சரியான சொல்லைப் போடும்படி சொன்னேன். ஒன்றும் பிழைக்கவில்லை. அதே நாள் பின்னேரம் மூன்று பெட்டிகள் திறந்திருக்கும்போது, கோபக்காரன் ஒருவனுக்கு 'I know your upset' என்று எழுதியிருந்தாள். அனுப்பிய அடுத்த நொடியே பிழையைக் கண்டு, ஒரு நட்சத்திரக் குறி போட்டுச் சரியான சொல்லைத் தனியாக அனுப்பியும் இருந்தாள். கொம்பனியின் விதிப்படி திருத்தி அனுப்பினாலும் பிழை பிழைதான். நான் குறித்தேன்.

கணினிக்கே திருத்தத் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் பெட்டியில் எழுத்துப் பிழைக்குச் சிவப்புக் கோடு விழும். ஆனால் your என்பதும் சரியான சொல், then என்பதும் சரியான சொல். இருக்கிற இடம்தான் பிழை. அதற்குக் கோடு விழாது. இடம் பார்த்துத் திருத்துகிற கருவிகள் இருக்கின்றன; ஆனால் ஆட்களுடைய விலாசமும் தொலைபேசி எண்ணும் ஓடுகிற பெட்டிக்குள் வெளிக்கருவி எதையும் பூட்டக்கூடாது என்பது கொம்பனியின் கட்டளை. வாய்க்குள் சொல்லிப் பார்த்து அனுப்பு என்று நான் ஒருநாள் அவளுக்குப் புத்தி சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். 'சொல்லிப் பாத்தா எல்லாம் ஒண்டுதானே அக்கா.' உண்மைதான். என் புத்தி அந்த அளவில் இருந்தது.

கனடாவில் இருக்கிற என் மச்சான் போன மாதம் ஒரு கலியாணத்துக்கு, குடும்ப வட்ஸ்அப்பில் 'மனமக்கள் வாழ்க' என்று போட்டிருந்தார். மணமக்கள் என்று எழுதத் தெரியாத மனிதர் இல்லை. பரீட்சையில் தமிழுக்குச் சிறப்புச் சித்தி எடுத்தவர், ஊரில் பட்டிமன்றம் பேசினவர். நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அன்றிரவு சமைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மச்சான் தமிழை எழுத்துக்கூட்டி எழுதுகிறவர் இல்லை. மனதுக்குள் கதைக்கிறார், கை அந்தச் சத்தத்தைப் பிடித்து எழுதுகிறது. தமிழைப் புதிதாகப் படிக்கிற ஒருவருக்கு அந்தப் பிழை வராது, அவர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதுவார்.

அடுத்த நாள் பழைய உரையாடல்களை எல்லாம் தோண்டிப் பார்த்தேன். கொடிகாமத்துப் பெண்ணிடம் இந்தப் பிழை இல்லவே இல்லை. குருநகர்க்காரியிடமும் முதல் மாதங்களில் இல்லை. நாங்கள் எல்லாரும் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர்கள். புத்தகத்தில் கிடந்த சொல்லைப் பார்த்து எழுதினோம். காதுக்குள் ஆங்கிலம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் இந்தத் தொல்லை வருகிறது. அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது: கை அவசரப்பட்டால், அதிகம் பழகிய சொல்லைத்தான் எடுத்துப் போடும். you're எழுத மேற்குறி ஒன்று போடவேண்டும். your அப்படியே ஓடிவரும்.

இதைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய புளுகம், சந்தோசம் தாங்கவில்லை. அன்று தேத்தண்ணியோடு இரண்டு வடை சாப்பிட்டேன்.

ஆனால் இங்கிலாந்தில் இருக்கிற பொறுப்பாளர் அம்மாவுக்கு என் புளுகம் எதற்கு? அவரிடம் இருந்தது என் அறிக்கைதான். அதில் குருநகர்க்காரியின் பெயருக்கு நேரே மாதாமாதம் பிழைகள் ஏறிக்கொண்டு போயின. நானேதான் ஏற்றினேன். அடுத்த மாதமும் இப்படியே வந்தால் அவளை உரையாடலில் இருந்து எடுத்து, திரும்பி வந்த சாமான்களைப் பதிகிற மேசைக்கு மாற்றச் சொல்லிக் கடிதம் வந்தது. சம்பளம் குறையாது. ஆனால் அந்த மேசையில் கதைக்க ஆள் இல்லை. கட்டில், நிறம், உடைந்த இடம், அடுத்தது. நாள் முழுக்க அதுதான்.

நான் அவளுக்கு அதைச் சொன்னேன். ஒரு பின்னேரம் முழுக்க அவள் கதைக்காமல் இருந்ததை அன்றுதான் முதலில் கண்டேன்.

அடுத்த நாள் தொடக்கம் அவள் கவனமாக எழுதினாள். you're என்று சுருக்காமல், you are என்று இரண்டாகப் பிரித்து எழுதினாள். they are என்று எழுதினாள். than வருகிற வசனமே வராமல் சுற்றிவளைத்துப் போனாள். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் விரலால் திரையில் தொட்டுப் பார்த்தாள். பிழை கிட்டத்தட்ட நின்றுவிட்டது. கூடவே மற்றதும் நின்றுவிட்டது. பதில் வர நேரம் எடுத்தது. ஆட்கள் பொறுமையிழந்தார்கள். ஒருவர் 'நான் இயந்திரத்தோடா கதைக்கிறேன்?' என்று கேட்டே விட்டார். அவள் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டு இருந்த இருப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

'அக்கா, முந்தி நான் அவையளோடை கதைச்சனான். இப்ப அவையளுக்கு எழுதிறன்' என்றாள். 'உந்த மேசைக்கே போறன் எண்டு சொல்லிவிடுங்கோ. இப்பிடி இருக்கிறதுக்கு அது பறவாயில்லை.'

'வாயை மூடும்' என்றேன். கோபம் யாரில் என்று எனக்கே தெரியவில்லை. 'கூட்டம் முடியட்டும், பிறகு போறதைப் பற்றிக் கதைப்பம்.'

இங்கிலாந்தோடு இணையத்தில் நடக்கிற மாதக் கூட்டத்துக்கு, ஒவ்வொருவரிடமிருந்தும் சில உரையாடல்களை நான்தான் தெரிந்து எடுக்கவேண்டும். கவனமாக எழுதிய கிழமையிலிருந்து எடுத்திருந்தால் அவள் தப்பியிருப்பாள். அடுத்த மாதம் திரும்பவும் அதே சுவரில் முட்டியிருப்பாள். இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கவனம் தொடங்குவதற்கு முந்திய ஒரு உரையாடலை எடுத்து மேலே வைத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை.

கூட்டத்தன்று எங்கள் இணையம் வழமைபோல நொண்டியது. அந்த அம்மாவின் முகம் தெரிவதும் உறைவதுமாக இருந்தது. எங்கள் திரையை அவருக்குக் காட்ட முடியவில்லை. இப்படி நடக்கிற மாதங்களில் படத்தை நிறுத்திவிட்டு, உரையாடல்களைச் சத்தமாக வாசித்துக் காட்டுவதுதான் எங்கள் வழக்கம். கோப்புப் பிறகு மின்னஞ்சலில் போகும். மற்றவர்களும் அறையில் இருந்தார்கள். குருநகர்க்காரி யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

நான் வாசிக்கத் தொடங்கினேன்.

ஒரு தகப்பன். மனைவி இன்னும் ஆஸ்பத்திரியில். பிறந்து சில நாளே ஆன பெண் குழந்தையோடு அவன் தனியே வீட்டில். துண்டுகளாக வந்த குழந்தைக் கட்டிலைப் பூட்டப் பார்க்கிறான், இரண்டு மரையாணிகள் பெட்டிக்குள் இல்லை. அவன் கோபமாகத்தான் தொடங்குகிறான். அவள் முதலில், ஆணி குறைந்த கட்டிலில் பிள்ளையைக் கிடத்தவேண்டாம் என்று சொல்கிறாள். பிள்ளை இப்போது எதில் படுக்கிறது என்று கேட்கிறாள். கூடைத் தொட்டிலில் என்கிறான். அது நல்லது, ஆணிகள் நாளைக்கு வந்துவிடும், அதுவரை அதிலேயே படுக்கட்டும் என்கிறாள். அனுப்பிய விபரத்தையும் கொடுக்கிறாள். வேலை அத்தோடு முடிந்தது. ஆனால் அவன் போகவில்லை. இந்தக் கட்டிலைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்று எழுதுகிறான்.

அதற்கு அவள் எழுதிய பதிலை வாசித்தேன். நீங்கள் நினைக்கிறதைவிட நீங்கள் நன்றாகத்தான் செய்கிறீர்கள், பிள்ளையை அதில் கிடத்துவதற்கு முதல் நின்று கேட்டீர்களே, என்று அதற்குப் பொருள். ஆங்கிலத்தில் இரண்டே சின்ன வசனம். பிறகு அவனுடைய கடைசி வரியையும் வாசித்தேன். இந்தக் கிழமை என்னோடு ஒருத்தராவது கதைத்தீர்களே, நன்றி, என்று எழுதியிருந்தான்.

நான் தாளைக் கீழே வைத்தேன்.

'அருமை' என்றார் அந்த அம்மா. 'இதை எழுதியது யார்?'

சொன்னேன். அறையில் எல்லாரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள்.

'அவருடைய பெயர்தானே பிழைக்காரர் பட்டியலில் இருக்கிறது?'

'ஓம். நான் இப்போது வாசித்த அந்த ஒரு வசனத்திலேயே இரண்டு பிழை இருக்கிறது' என்றேன். 'Your doing better then you think என்று எழுதியிருக்கிறாள். இரண்டையும் நான் குறித்திருக்கிறேன். கோப்பைத் திறந்தால் காண்பீர்கள். உங்களுக்குக் கேட்டதா?'

'இல்லை' என்றார். 'கேட்கவில்லை.'

அதற்குப் பிறகு நான் தயார்செய்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினேன். புதிதாக வருகிறவர்களுக்கு இது வருவதில்லை, கதைக்கப் பழகியவர்களுக்குத்தான் வருகிறது என்றேன். மூன்று பெட்டிகள் திறந்திருக்கும்போது வருகிறது, ஒரு பெட்டியில் வருவதில்லை என்றேன். அவள் கவனமாக எழுதிய கிழமைகளில் பிழை குறைந்தது, ஆட்களும் குறை சொன்னார்கள் என்று அதையும் வாசித்தேன். மச்சானுடைய மனமக்களைக்கூடச் சொல்லப் பார்த்தேன், ஆங்கிலத்தில் அது வரவில்லை. அந்த அம்மா சிரித்தார். தன்னுடைய மகளும் இப்படித்தான் தனக்கு எழுதுகிறாள், தான் திருத்தினால் அவளுக்குக் கோபம் வருகிறது என்றார்.

ஆனால் அவர் இளகிய மனத்தோடு எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கிறவரும் இல்லை. ஆட்களுக்கு மின்னஞ்சலில் எழுதுகிற பதில்களில் இந்தப் பிழைகள் முழுதாகக் கணக்கு, அங்கே வாசித்துத் திருத்த நேரம் இருக்கிறது என்றார். விலை, திகதி, விலாசம் பிழைத்தால் மன்னிப்பு இல்லை. உரையாடலில் பொருள் விளங்குகிற இடத்தில் இந்தச் சொற்கள் பிழைத்தால் குறித்து வையுங்கள், ஆனால் அதற்காக ஒருவரை மேசை மாற்றவேண்டாம் என்றார். திறந்த பெட்டிகளை மூன்றிலிருந்து இரண்டாக்கிப் பார்ப்போம் என்றும் சொன்னார். அது நான் கேட்காமலே கிடைத்தது.

கூட்டம் முடிந்து நான் எழும்பினேன். அறையில் கதை நிற்கவில்லை. கொடிகாமத்துப் பெண் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குருநகர்க்காரி என் மேசைக்கு வந்து நான் வாசித்த தாளை எடுத்துப் பார்த்தாள்.

'இதை நான் எழுதினதெண்டே ஞாபகம் இல்லை அக்கா' என்றாள். 'அந்தாளின்ரை பிள்ளைதான் ஞாபகம்.'

அடுத்த கிழமை அவளுடைய உரையாடல்களை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். முதல் பக்கத்திலேயே, இரட்டைப் பிள்ளைகள் பெற்ற ஒரு தாய்க்கு அவள் ஆறுதல் சொல்கிற இடத்தில், there வரவேண்டிய இடத்தில் their வந்து குந்தியிருந்தது. கை பிழைக்குறியின் மேல் போய் நின்றது. நான் தயங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும், யன்னலோரத்தில் இருந்து அறை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்:

'குறியைப் போடுங்கோ அக்கா. அது கதைக்கேக்கை வந்தது.'

நான் போட்டேன்.